நாற்பத்தொரு சதச் சோறு

அக்கரப்பத்தனைக் கடைவீதியில் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே காளியாயியின் சோற்றுக்கடை இருந்தது. தகரக் கூரை, மண் சுவர், உட்கார இரண்டு நீள வாங்கு, ஒரு மேசை. அதைக் கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பெயர்ப்பலகை கூடக் கிடையாது. ஆனால் பெரியமட்டம் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கிற ஒண்டிக்கட்டைகள், லொறிக்காரர்கள், சம்பள ஞாயிற்றில் சாமான் வாங்க இறங்குகிற குடும்பங்கள் என்று வயிறு காய்ந்த எல்லோருக்கும் அந்த இடம் தெரியும்.

காளியாயியிடம் ஓர் எனாமல் கிண்ணம் இருந்தது. விளிம்பில் நீலக் கோடு, அடியில் ஒரு கறுத்த வடு. சோற்றை அதில் அழுத்தி நிரப்பித் தட்டில் கவிழ்ப்பாள். கங்காணிக்கும் அதே கிண்ணம், கொழுந்து மூட்டை சுமக்கிறவனுக்கும் அதே கிண்ணம். அதற்கு மேல் பசித்தவன் கேட்டால் ஒரு கரண்டி மறுசோறு, காசு இல்லாமல். இந்த ஒரு காரியத்தில் அவள் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. மற்றபடி அவள் அப்படியொன்றும் நெருப்பு இல்லை. கோழி குறுக்கே வந்தாலே ஒதுங்கிப் போகிற சுபாவம்.

அவள் பெரியமட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். கொழுந்து எடுத்துக் கல்யாணம் கட்டி, அங்கேயே சாக வேண்டியவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு ஒரு வேலைநிறுத்தம் வந்தது. அது முடிந்த மாதம், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்துச் சுவரில் ஒரு நீலத்தாள் ஒட்டினார்கள். அதில் சில பெயர்கள் இருந்தன. அவள் புருஷன் சோலைமலையின் பெயரும் அவள் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. மாதம் முடிவதற்குள் லயத்து ஒற்றைக் காம்பிரா அறையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. சோலைமலை ஆபீசுக்குப் போய் ஏன் என்று கேட்டான். தாளில் உள்ளதுதான் பதில் என்றார்கள். அந்த 'ஏன்' அவன் நெஞ்சிலேயே கிடந்து அடுத்த மழைக்காலத்தில் அவனோடு போய்விட்டது.

பிறகு இந்தக் கடை. தலவாக்கலையில் இருக்கிற ஒரு சிங்கள முதலாளியின் இடம். முன்னால் கடை, பின்னால் பாய் விரிக்கிற இடம், அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் இருந்த கூரை. லயத்துக்குத் திரும்ப முடியாது, தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டியாயிற்று. இந்தியாவில் அவளுக்கு ஊர்ப்பெயர் மட்டும் தெரியும், ஒரு முகம் தெரியாது. வாடகை தவறினால் அந்த இடத்தைச் சைக்கிள் கடைக்குக் கேட்டு ஓர் ஆள் காத்திருந்தான். இதை முதலாளியே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களிடம்தான் அவளுக்குப் பயம்.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு ஆடியில் அரிசி ஏறியது. அதுவரை பங்கீட்டுக் கூப்பன் அரிசி ஒரு கொத்துப் படி இருபத்தைந்து சதம். அரசாங்கம் ஒரே நாளில் அதை எழுபது சதமாக்கிற்று. கடைக்கு அவளுக்குக் கிடைத்த அரிசியும் அதே விலைக்குப் போனது. காளியாயி முதல் மூட்டையை வாங்கிக்கொண்டு வந்து, அதைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் அவளுக்குத் துணைக்கு இருந்தவள் ராக்காயி. பாத்திரம் கழுவுவாள், தேங்காய் திருவுவாள், கேட்காத யோசனையும் சொல்லுவாள். கிண்ணத்தை மாற்று என்றாள். சந்தையில் இதே நீலக் கோடு போட்ட சின்னக் கிண்ணம் கிடைக்கிறது, கொஞ்சம் அழுத்தாமல் கவிழ்த்தால் தட்டில் அதே உயரம் தெரியும், ஒரு பயலுக்கும் தெரியாது என்றாள். நியாயமாகப் பார்த்தால் ஊரில் பாதிக் கடை அந்த வாரம் அதைத்தான் செய்தது. வடை பொத்தான் அளவுக்கு வந்தது. தேத்தண்ணியில் பாலைத் தேட வேண்டியிருந்தது. விலை மட்டும் ஏறவில்லை என்று எல்லோரும் மார்தட்டிக்கொண்டார்கள்.

காளியாயி மாட்டேன் என்றாள். ஸ்டோரில் நாள் முழுக்கத் தேயிலையைக் கையால் அள்ளி எடை சொல்கிறவர்கள் சோற்றைப் பிசைகிற போதே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஒன்று. அந்தக் கிண்ணத்தை மாற்றினால் அவளுடையது என்று சொல்ல வேறு எதுவும் மிஞ்சாது என்பது இன்னொன்று.

ஆகவே விலையைக் கூட்டுவது. அதைச் சொல்லித்தான் கூட்டுவது. முப்பத்தைந்து சதச் சாப்பாட்டை நாற்பத்தைந்து ஆக்குவது. வாயால் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து எப்படிச் சொல்வது? எழுதி ஒட்டிவிட்டால் தாள் பேசிக்கொள்ளும் என்று நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

எழுதுவதற்கு அவள் போய்ப் பிடித்தது தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் பேரின்பநாயகத்தை. யாழ்ப்பாணத்து மனிதர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். மத்தியானம் அவளிடம்தான் சாப்பாடு. தோட்டத்தில் தமிழில் எது எழுத வேண்டுமானாலும் அவர் கைதான். நல்ல மனிதர், ரசத்தை ஊதி ஊதிக் குடிப்பார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டார்.

“உதுக்கென்ன, எழுதித் தாறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.”

மறுநாளே எழுதிக்கொண்டு வந்தார். ஆபீசில் மிஞ்சிய நீலத்தாள். ஊதா மை. மணி மணியான எழுத்து. அவர் பதினைந்து வருஷமாக எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார், பாவம், அவருக்கு வேறு மாதிரி எழுத வராது.

'அறிவித்தல். இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் முதலாந் திகதி தொடக்கம் சாப்பாடு ஒன்றின் விலை நாற்பத்தைந்து சதமாக உயர்த்தப்படும். இதற்கு உடன்படாதோர் வேறு ஒழுங்கு செய்துகொள்ளவும்.'

காளியாயிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தாள். கடைசி வரி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இவ்வளவு அழகாக எழுதித் தந்தவரிடம் குறை சொல்வது எப்படி என்று, சோற்றுப் பசை தடவிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

அந்த நீலத்தாளையும் ஊதா எழுத்தையும் பெரியமட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கூடத் தெரியும். பெரட்டுக்களத்துச் சுவரில் அது ஏறினால் அரைநாள் சம்பளம் மட்டும் போடுகிற அரைப்பேர் வெட்டு, அபராதம், ஆள் குறைப்பு, இந்த மூன்றில் ஒன்று. நல்ல சேதிக்கு அந்தத் தாளை யாரும் செலவழித்ததில்லை. அதே தாள் அதே எழுத்தில் சோற்றுக்கடையில் ஏறினால் அந்த மக்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்க வேண்டியதைத்தான் நினைத்தார்கள். இது காளியாயியின் காரியமில்லை, தோட்டத்துத் துரையின் காரியம். கடையை ஆபீஸ் எடுத்துக்கொண்டது. தோட்டத்து அரிசிக்குச் சம்பளத்தில் பிடிக்கிற மாதிரி இனி சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்கள். காளியாயிக்கு மாசம் இவ்வளவு என்று பேசி முடித்தாயிற்று. சாயங்காலத்துக்குள் அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்பதற்கும் லயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது.

முதல் நாள் பாதிப் பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் இன்னும் குறைந்தார்கள். வந்தவர்களும் அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்தார்கள். பிறகு தோட்டத்துச் சங்கத் தலைவர் அழகுமுத்து ஸ்டோர் வாசலில் நின்று ஒரே வார்த்தை சொன்னார். அந்தக் கடையில் கை நனைக்க வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு லொறிக்காரர் இரண்டு பேரும் கிளாக்கரும் மட்டும்தான். தன் எழுத்துத்தான் இந்த வேலை செய்தது என்பது கிளாக்கருக்குத் தெரியாது. கடை காலியாக இருக்கிறது, இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று அவர் வேறு சொன்னார். காளியாயிக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

எனக்கு இதில் கோபம் யார் மேல் என்றால் ஒருவர் மேலும் இல்லை. அரிசி விலையை ஏற்றியவர்கள் எங்கோ கொழும்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே கொழுந்து எடுக்கிறவர்களும் சோறு வடிக்கிறவளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் இப்படித்தான் நடக்கிறது.

சம்பள ஞாயிறு வந்தது. மாதத்தில் அந்த ஒரு நாள் ஓட்டம்தான் வாடகை. முதலாளியின் ஆள் சாயங்காலப் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். காளியாயி விடியுமுன்னே எழுந்தாள். ராக்காயி அரைப் பானை போதும் என்று தலையால் அடித்துக்கொண்டாள். காளியாயி கேட்கவில்லை. வழக்கம் போலப் பெரிய பானை இரண்டிலும் உலை வைத்தாள். கருவாட்டுக் குழம்பு, பருப்பு, ரசம். ஆள் வராவிட்டால் இத்தனை அரிசியும் பன்றிக்குத்தான் என்று ராக்காயி சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

பத்து மணிக்கெல்லாம் வீதி நிறைந்துவிட்டது. துணிக்கடையில் கூட்டம், கருவாட்டுக் கடையில் கூட்டம், வளையல் பெட்டிக்காரனைச் சுற்றிக் கூட்டம். காளியாயியின் கடை வாசலில் மட்டும் ஒரு வட்டம் போட்ட மாதிரி இடம் காலியாகக் கிடந்தது. அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள் பூரணி. அவளும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். சின்னப் பிள்ளை மட்டும் குழம்பு வாசத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கூப்பிடலாம் என்று வாசலுக்கு வந்தாள். யாரும் திரும்பாததால் வீதி வரைக்கும் இறங்கினாள். நின்ற இடத்திலிருந்து தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயே இருக்கிறவளுக்கு அந்தத் தாள் முதுகுப் பக்கம். இத்தனை நாளில் அவள் அதை வீதியில் நின்று பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். நீலத்தாள். ஊதா மை. மணி மணியான எழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரட்டுக்களத்தில் சோலைமலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த தாள் அது. அவர்களைக் காலி செய்யச் சொன்ன அதே எழுத்து. கிளாக்கருக்கு அது நினைவில் இருக்காது, அவர் எத்தனையோ தாள் எழுதியிருப்பார். அவளுக்கு எப்படி மறந்தது? பெயர் வெட்டியதை விட, காம்பிராவைப் பிடுங்கியதை விட, ஏன் என்று ஒரு வரி எழுதாததுதான் சோலைமலையைத் தின்றது. அதே அநியாயத்தை அவளே பசை தடவி ஒட்டியிருக்கிறாள். தன்னிடம் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, பிடிக்காவிட்டால் வேறு இடம் பார் என்று சொல்லியிருக்கிறாள்.

தாளை ஒரே இழுப்பாக இழுத்தாள். பாதி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது, நகத்தால் சுரண்டினாள். அடுப்படியில் விறகுக்காகப் போட்டிருந்த பழைய தேயிலைப் பெட்டியில் ஒரு பக்கப் பலகையைப் பிடுங்கினாள். அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத்துப் பெரிதும் சிறிதுமாக வந்தது. சில இடத்தில் அழித்து எழுதினாள். ராக்காயி பின்னால் நின்று, பெண்பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பலகையைக் கதவுநிலையில் சாத்தி வைத்தாள். வீதியில் போனவர்கள் நின்றார்கள். தாளுக்கு நிற்காதவர்கள் ஒரு பெண்பிள்ளை மண்ணில் உட்கார்ந்து கரியால் எழுதினதற்கு நின்றார்கள். யாரோ போய்ச் சொல்ல, தலைவர் அழகுமுத்துவும் வந்துவிட்டார். அவரோடு ஸ்டோர் ஆள் மூக்கன். வாய்த்துடுக்கு மூக்கனுக்கு, எதையும் நம்ப மாட்டான். தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்க வேண்டுமென்று உரக்க வாசித்தார்.

'சாப்பாடு 45 சதம். முந்தி 35. ஏன் என்றால் அரிசி கொத்து 25 சதம் இருந்தது. இப்போ 70. ஒரு கொத்து அரிசி நாலு பேர் சாப்பிடுறாங்க. ஆளுக்குப் பதினொரு சதம் கூடுது. நான் பத்துக் கூட்டுறேன். மிச்சம் என் தலையில். கிண்ணம் அதே கிண்ணம். மறுசோறுக்குக் காசு இல்லை. தேத்தண்ணி ஏறவில்லை. அரிசி இறங்கினால் சோறும் இறங்கும். இது என் கடை. ஆபீசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. காளியாயி.'

வாசித்து முடித்துத் தலைவர் பலகையிலிருந்து நிமிர்ந்தார். அவர்தான் முதலில் கேட்டார். “சம்பளத்துல புடிக்கப் போறாங்கன்னு சொல்றாங்களே?”

“எவன் புடிக்கிறது தலைவரே? எம்பேரையே வெட்டி வெரட்டின ஆபீசு. அந்தத் தாள நான் எழுதி வாங்கினது தப்பு. அது எம்புத்திக் கொறவு. காசு இந்தக் கையில குடுத்தா இந்தக் கையில வாங்கிக்கிறேன், வேற ஒண்ணுமில்ல.”

மூக்கன் முன்னால் வந்தான். பலகையைக் காலால் தட்டிக் காட்டினான். “எல்லாஞ் சரிக்கா. கொத்துக்கு நாலு பேருன்னு எழுதிட்ட. ஆறு கிண்ணம் வருதுன்னு நான் சொல்றேன். அப்ப ஆளுக்கு ஏழரைச் சதம்தான் கூடுது. யாரு கண்டா?”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இது பொல்லாத கேள்வி. அவன் சொன்னது நடந்தால் பலகையில் உள்ள மற்ற வரியெல்லாம் பொய்யாகிவிடும். காளியாயி நாளும் பானை பானையாக வடிப்பவள். கைக்கணக்கில் நாலு பேர் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு கொத்தைத் தனியாக வடித்து அவள் என்றைக்கும் அளந்து பார்த்ததில்லை. ஐந்து கிண்ணம் வந்துவிட்டால்?

“ஒலை வச்சுப் பாத்திருவோம்,” என்றாள்.

அளக்கிற கொத்தையும் மூக்கனே பக்கத்துக் கடையில் வாங்கி வந்தான். அவள் கடைக் கொத்தை அவன் நம்பவில்லை. அரிசியை அவனே அளந்து தலை தட்டினான். அடுப்பை வாசலுக்கே கொண்டுவந்து மூன்று கல் கூட்டிச் சட்டி வைத்தார்கள். கூட்டம் வட்டமாகக் குந்திவிட்டது. வளையல் பெட்டிக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றான். பஞ்சாயத்து பண்ண ஆள் சேருகிற மாதிரி சோறு வேகிறதைப் பார்க்க ஆள் சேர்ந்தது. அரிசி அன்றைக்கென்று வேகமாட்டேன் என்று அடம்பிடித்தது. காளியாயி அடுப்பை ஊதினாள், கிளறினாள், பதம் பார்த்தாள். கொஞ்சம் குழைய விட்டால் சோறு பொங்கிக் கிண்ணம் கூடும், மூக்கன் ஜெயித்துவிடுவான். விறைப்பாக இறக்கினால் ஏமாற்று என்பார்கள். என்றைக்கும் எந்தப் பதத்தில் இறக்குவாளோ அந்தப் பதத்தில் இறக்கினாள்.

வடித்தாள். நாலு தட்டு வைத்தாள். நீலக் கோட்டுக் கிண்ணத்தை எடுத்து நிரப்பி அழுத்தினாள். “இன்னும் அமுக்குக்கா,” என்றான் ஒருவன். “எப்பவும் போல அமுக்கினா போதும்டா,” என்று தலைவர் அவனை அதட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றைக் கவிழ்த்தபோது சட்டியில் இன்னும் நிறையக் கிடப்பது போலத் தெரிந்தது. நாலாவது கிண்ணம் நிறைந்தது. சட்டியை வழித்தாள். மீதி அரைக் கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது.

“அந்த மிச்சம்?” என்றான் மூக்கன். விடுகிற ஜாதி இல்லை அவன்.

“அதுதான்டா நீ நாளும் கேட்டு வாங்கித் திங்கிற மறுசோறு.”

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. மூக்கனும் சிரித்தான், வேறு வழியில்லை. ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“அரிசி எறங்கினா சோறும் எறங்கும்னு போட்டிருக்க. கரியில போட்டிருக்க. மழ வந்தா போயிரும்.”

“கரி போனா மறுபடி எழுதுவேன். நான் எழுதலேன்னா நீங்க வந்து எழுதுங்க தலைவரே. கரி அடுப்புலதான் கெடக்கு.”

அழகுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உட்கார இடமில்லை. பூரணி பிள்ளைகளோடு அடுப்படியிலேயே குந்திவிட்டாள். சின்னதுக்கு மட்டும் குழம்பில் கருவாட்டுத் துண்டு ஒன்று கூட விழுந்தது. சாயங்காலப் பஸ்ஸில் முதலாளியின் ஆள் வந்தபோது இரண்டு பானையும் கவிழ்ந்து கிடந்தன. வாடகையை வாங்கிக்கொண்டு அவன் சோறு கேட்டான், இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

அந்த வாரம்தான் கொழும்புப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் அரிசிக்காகப் பெரிய கடையடைப்பும் கலவரமும் நடந்தன. பிறகு சில மாதத்தில் அரசாங்கமே அசைந்து, கொத்து ஐம்பத்தைந்து சதத்துக்கு இறங்கியது. இதற்குள் நாற்பத்தைந்து சதம் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை. மழையில் பலகைக் கரியும் பாதி அழிந்துவிட்டது. ராக்காயி அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தாள். காளியாயிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கூரைத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் அவளும் பலகையைப் பார்க்காதவள் போலத்தான் இருந்தாள். நாலாம் நாள் பொறுக்கவில்லை. கரியை எடுத்துவிட்டாள்.

கொத்துக்குப் பதினைந்து சதம் இறங்கியது, நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குக் கிட்டத்தட்ட நாலு சதம், ஆகவே சாப்பாடு நாற்பத்தொரு சதம் என்று எழுதினாள். கிளாக்கர் தலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தொரு சதம் என்று உலகத்தில் ஒரு விலை உண்டா, சில்லறைக்கு எங்கே போவது, நாற்பதாக்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். கணக்கு அப்படித்தான் வருகிறது என்றாள் அவள். ஒரு சதக் காசு தேடி அக்கரப்பத்தனை முழுக்க அலைந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் பிறகு அவள் கடைக்கு நிலைத்தது. பஸ் கண்டக்டர் கூட, நாப்பத்தொரு சதக் கடையில் எறங்குறவங்க எறங்கலாம் என்றுதான் கத்துவான். அரிசி ஏறினாலும் இறங்கினாலும் பலகை மாறும், காரணமும் கூடவே இருக்கும். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் கிளாக்கர் நேரம் தவறிச் சாப்பிட வந்தார். முகம் வாடியிருந்தது. வாங்கில் உட்கார்ந்து ரசத்தை ஊதாமல் அப்படியே வைத்திருந்தார். அவராகத்தான் சொன்னார். காலையில் பெரட்டுக்களத்தில் ஒரு தாள் ஒட்டினார்களாம். கொழுந்து எடை கூட வேண்டும் என்று. வழக்கமாகத் தாளைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிற ஜனம் ஏறவில்லையாம். மூக்கன் முன்னால் வந்து, ஏன் என்று எழுதவில்லையே என்றானாம். சோற்றுக்கடைக்காரியே எழுதுகிறாள், கம்பெனிக்கு எழுதத் தெரியாதா என்று பின்னால் யாரோ கேட்டார்களாம். பூரணியாம். கடைசியில் துரை தாளைக் கிழித்து, காரணத்தோடு எழுதிக்கொண்டு வா என்று இவரை அனுப்பியிருக்கிறார்.

“உங்கட பலகையால எனக்கு வேலை கூடிப் போச்சுது,” என்றார் கிளாக்கர்.

காளியாயி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். துரை நினைத்தால் தலவாக்கலை முதலாளிக்கு ஒரு வார்த்தை போதும், கூரை போய்விடும். மெல்லக் கேட்டாள். “தொரை கேட்டாரா? யாரு சொல்லிக் குடுத்ததுன்னு?”

“கேட்டவர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பேரின்பநாயகம் ரசத்தை எடுத்து ஊதினார். ஒரு வாய் குடித்தார். “எந்தக் கடையெண்டு எனக்குத் தெரியாது, நான் எங்கையும் வெளியில சாப்பிடுறேல்லை எண்டு சொன்னனான்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோலைமலையின் பெயரை எழுதிய கை அது. இப்போது அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. கிண்ணத்தை எடுத்தாள். அவர் கேட்காமலே மறுசோறு வைத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து காசை மேசையில் வைத்தார். நாற்பத்தொரு சதம், சில்லறையாகவே கொண்டுவந்திருந்தார். வாசலில் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று அதை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நீலத்தாளை எடுத்து வாங்கில் விரித்துக்கொண்டு, ஊதா மையில் முதல் வரியாக 'ஏனென்றால்' என்று எழுதினார்.